ஒற்றைப்படைச் சந்திப்புகள் ஐந்து வராது

கேள்வி: பெங்களூரில் எங்கள் லேஅவுட்டில் மூன்று மெயின் ரோடு, மூன்று கிராஸ். மூன்றாவது மெயினும் மூன்றாவது கிராஸும் சேரும் மூலையிலிருந்து ஒரு முட்டுச்சந்து கிளம்புகிறது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் சுமார் 100 மீட்டர், முட்டுச்சந்து 60 மீட்டர் இருக்கும். பொங்கல் விழா அழைப்பிதழ் கொடுக்க எல்லாத் தெருவிலும் நடக்க வேண்டும், ஆனால் எந்தத் தெருவிலும் இரண்டாம் தடவை நடக்கக் கூடாது என்று பார்க்கிறேன். ஒற்றைப்படைத் தெருக்கள் சேரும் சந்திப்புகளை எண்ண வேண்டும், பூஜ்யமோ இரண்டோ வந்தால் முடியும் என்று பையன் சொல்கிறான். எனக்கு ஐந்து வருகிறது. அப்படியென்றால் முடியாதா? அந்த விதி ஏன் அப்படி?

பதில்:

முடியாது. குறைந்தது 260 மீட்டர் திரும்ப நடந்தே ஆக வேண்டும். எந்த வழியில் போனால் அதற்கு மேல் ஒரு அடிகூட வீணாகாது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கு வந்த அந்த ஐந்தைப் பார்த்துவிடுவோம். எந்த ஊர் வரைபடத்தை எடுத்தாலும், எத்தனை தெரு இருந்தாலும், ஒற்றைப்படைச் சந்திப்புகள் ஐந்து வரவே வராது. ஒன்று, மூன்று, ஏழு எதுவும் வராது. வந்தால் எண்ணியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. என்ன விட்டுப்போனது என்பதை உங்கள் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

நீங்கள் சொன்னதை வரைந்து, சந்திப்புகளுக்கு எண் போட்டுக்கொள்கிறேன். மேலிருந்து கீழே போவது மெயின், இடமிருந்து வலம் போவது கிராஸ்.

```
1---2---3
|   |   |
4---5---6
|   |   |
7---8---9---10
```

9 முதல் 10 வரை இருப்பது உங்கள் முட்டுச்சந்து. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை உள்ள பகுதியைத் தெருத்துண்டு என்று சொல்கிறேன். கணிதத்தில் இந்தப் படத்துக்குக் கோட்டுரு என்றும், சந்திப்புக்கு முனை என்றும், தெருத்துண்டுக்கு விளிம்பு என்றும் பெயர். ஒரு முனையில் எத்தனை விளிம்புகள் வந்து சேர்கின்றனவோ அந்த எண்ணிக்கை அந்த முனையின் படி.

ஒன்பது சந்திப்புகளின் படிகளை வரிசையாக எழுதினால் 2, 3, 2, 3, 4, 3, 2, 3, 3 என்று வரும். 9 வெறும் மூலையாக இருந்திருந்தால் அதன் படி 2தான், முட்டுச்சந்து சேர்ந்ததால் 3 ஆகிவிட்டது. ஒற்றைப்படை வருவது 2, 4, 6, 8, 9 ஆகிய சந்திப்புகளில். நீங்கள் சொன்ன ஐந்தும் இவைதான்.

இப்போது அந்த ஒன்பது எண்களையும் கூட்டிப் பாருங்கள். 25 வரும். எங்கோ தவறு இருக்கிறது என்பதை இந்த 25 உடனே காட்டிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று அங்கே திறக்கும் தெருவாய்களை எண்ணுகிறீர்கள். ஒரு தெருத்துண்டுக்கு இரண்டு வாய்கள் உண்டு. 1க்கும் 2க்கும் நடுவில் உள்ள துண்டை 1இல் நிற்கும்போது ஒரு தடவை எண்ணுகிறீர்கள், 2இல் நிற்கும்போது இன்னொரு தடவை எண்ணுகிறீர்கள். எந்தத் துண்டும் ஒரு தடவை மட்டும் எண்ணப்படாது, மூன்று தடவையும் எண்ணப்படாது. ஆகவே எல்லாப் படிகளையும் கூட்டினால் தெருத்துண்டுகளின் எண்ணிக்கையைப் போலச் சரியாக இரண்டு மடங்கு வர வேண்டும். இரண்டு மடங்கு என்றாலே இரட்டைப்படை. உங்கள் லேஅவுட்டில் 13 துண்டுகள், கூட்டுத்தொகை 26 வர வேண்டும். 25 வருகிறது என்றால் ஒரே ஒரு தெருவாய் எண்ணப்படவில்லை.

அது 10. முட்டுச்சந்தின் அந்தக் கடைசி. அங்கே வேறு தெரு எதுவும் வந்து சேராததால் அதைச் சந்திப்பாக நினைக்கத் தோன்றாது. ஆனால் சந்து எங்கோ முடிகிறது, முடிகிற இடமும் ஒரு முனைதான், அதன் படி 1. அதையும் சேர்த்தால் கூட்டுத்தொகை 26, ஒற்றைப்படை முனைகள் ஆறு.

கூட்டுத்தொகை இரட்டைப்படை என்பதிலிருந்து ஒற்றைப்படை முனைகளின் எண்ணிக்கையும் இரட்டைப்படை என்று எப்படி வந்தது? படிகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். இரட்டைப்படைப் படிகளைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படைதான். மொத்தமும் இரட்டைப்படை என்பதால் மீதிக் குவியலின் கூட்டும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அந்தக் குவியலில் இருப்பவை எல்லாம் ஒற்றைப்படை எண்கள். ஒற்றைப்படை எண்களை மூன்றோ ஐந்தோ கூட்டினால் ஒற்றைப்படை வரும், இரண்டோ நான்கோ ஆறோ கூட்டினால்தான் இரட்டைப்படை வரும். ஆகவே அந்தக் குவியலில் இருப்பவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படை. நிறுவல் இவ்வளவுதான்.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எனக்கு இந்த வழி இன்னும் பிடிக்கும், ஏனென்றால் லேஅவுட் உருவாவதையே கண்ணால் பார்ப்பது போல இருக்கும். தெருவே போடாத வெறும் மனையிடத்திலிருந்து ஆரம்பியுங்கள். முனைகளுக்குக் கல் மட்டும் நட்டிருக்கிறது. எல்லா முனையின் படியும் பூஜ்யம், அதாவது ஒற்றைப்படை முனை ஒன்றுகூட இல்லை. இப்போது ஒவ்வொரு தெருத்துண்டாகப் போடுகிறீர்கள். ஒரு துண்டு போட்டதும் அதன் இரண்டு கடைசிகளிலும் படி ஒன்று கூடும். இரண்டும் இரட்டையாக இருந்திருந்தால் இரண்டும் ஒற்றையாகும், எண்ணிக்கை இரண்டு ஏறும். இரண்டும் ஒற்றையாக இருந்திருந்தால் இரண்டு இறங்கும். ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை என்றால் இடம் மாறிக்கொள்ளும், எண்ணிக்கை அப்படியே இருக்கும். கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் வளைவுத் தெரு என்றால் அந்த ஒரே முனையின் படி இரண்டு கூடும், ஒற்றை இரட்டை மாறாது. பூஜ்யத்தில் ஆரம்பித்து இரண்டிரண்டாக ஏறி இறங்கும் எண்ணிக்கை ஒருநாளும் ஐந்தைத் தொடாது.

பெங்களூர்த் தெருக்களை எண்ணும்போது இந்தச் சோதனை ரொம்ப உதவும். முட்டுச்சந்தின் கடைசியை விடுவது ஒரு தவறு. இன்னொன்று, லேஅவுட்டை விட்டு வெளியே பெரிய ரோட்டுக்குப் போகும் தெரு. நீங்கள் அதில் நடக்கப் போவதில்லை என்றால் சந்திப்பில் நிற்கும்போது அந்த வாயையும் எண்ணக் கூடாது. பழக்கத்தில் எண்ணிவிட்டால் ஒரு வாய் அதிகமாகி, கூட்டுத்தொகை மறுபடியும் ஒற்றைப்படையில் போய் நிற்கும். மல்லேஸ்வரம் போன்ற பழைய பகுதிகளில் வீடுகளின் பின்பக்கம் போகும் கன்சர்வன்சி லேன்களும் இப்படித்தான். எண்ணினால் இரண்டு கடைசியிலும் எண்ண வேண்டும், விட்டால் இரண்டிலும் விட வேண்டும். தெரு நடுவில் வளைந்து திரும்பினால் கவலையில்லை. வளைவில் ஒரு முனை வைத்தால் அதன் படி 2, வைக்காவிட்டாலும் ஒற்றைப்படை எண்ணிக்கை மாறாது.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு தெருவை முழுதாகவே மறந்துவிட்டால் இரண்டு வாய்களும் சேர்ந்தே விட்டுப்போகும், கூட்டுத்தொகை ஒழுங்காக இரட்டைப்படையில் வந்து நிற்கும். ஆகவே இரட்டைப்படை வந்தால் எண்ணியது சரி என்று முடிவு கட்ட முடியாது. ஒற்றைப்படை வந்தால் தவறு என்பது மட்டும் நிச்சயம்.

சரி, இப்போது உங்கள் பையன் சொன்ன விதிக்கு வருவோம். பூஜ்யம் அல்லது இரண்டு என்று ஏன்?

நடந்துகொண்டிருக்கிறீர்கள், நடுவில் ஒரு சந்திப்பு வருகிறது. ஒரு தெரு வழியாக வந்து சேர்ந்து, வேறொரு தெரு வழியாகக் கிளம்புகிறீர்கள். ஒரு தடவை கடந்தால் அந்தச் சந்திப்பில் இரண்டு தெருவாய்கள் தீர்ந்துபோகும். மறுபடி வந்தால் இன்னும் இரண்டு. நீங்கள் ஆரம்பிக்காத, முடிக்காத சந்திப்பு எதுவானாலும் அங்கே வாய்கள் ஜோடி ஜோடியாகத்தான் தீரும். எல்லாத் தெருவையும் ஒரே தடவை நடந்து முடித்திருந்தால் அந்தச் சந்திப்பின் படி இரட்டைப்படையாகத்தான் இருந்திருக்க வேண்டும். விதிவிலக்கு இரண்டு இடங்களுக்கு மட்டும். ஆரம்பித்த இடத்தில் முதல் கிளம்பலுக்கு ஜோடி இல்லை, முடித்த இடத்தில் கடைசி வருகைக்கு ஜோடி இல்லை. ஆகவே ஒற்றைப்படை முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது. கிளம்பிய இடத்திலேயே முடித்தால் அந்த முதல் கிளம்பலும் கடைசி வருகையும் ஒன்றுக்கொன்று ஜோடியாகிவிடும், அப்போது ஒற்றைப்படை முனை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஒரே ஒரு ஒற்றைப்படை முனை இருந்தால் என்ன செய்வது என்று இங்கே கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குத்தான் படிகளின் கூட்டுத்தொகை முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. அப்படி ஒரு வரைபடமே கிடையாது.

இந்த இரண்டு வாதங்களையும் சேர்த்து முதலில் எழுதியவர் லெயோனார்டு ஆய்லர். பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிரேகல் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஏழையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்பது அந்த ஊரில் புழங்கிய கேள்வி. ஆய்லர் தன் விடையை 1735இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் முன்வைத்தார், அச்சில் வந்தது 1741இல். ஆறு நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்திருந்தது. நடுத்தீவில் ஐந்து பாலங்கள் சேர்ந்தன, மற்ற மூன்று பகுதிகளிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை, ஆகவே முடியாது. கூட்டிப் பாருங்கள், 5, 3, 3, 3 சேர்ந்தால் 14, ஏழு பாலங்களின் இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்கு விஷயத்தையும், அதனால் ஒற்றைப்படைப் பகுதிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க முடியாது என்பதையும் ஆய்லரே அந்தக் கட்டுரையில் சொல்கிறார்.

ஆனால் ஆய்லர் முழுதாக நிறுவியது ஒரு பக்கத்தை மட்டுமே. இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது என்பது அந்தப் பக்கம். பூஜ்யமோ இரண்டோ இருந்தால் கட்டாயம் முடியும் என்ற மறுபக்கத்தை அவர் சொல்கிறார், நிறுவல் தரவில்லை. அச்சில் வந்த முதல் நிறுவல் கார்ல் ஹீர்ஹோல்ட்சர் என்ற ஜெர்மானியருடையது. அவர் 1871இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தன் நிறுவலைச் சக கணித அறிஞர்களிடம் வாய்வழியாகச் சொல்லியிருந்தார், அவர்கள் நினைவிலிருந்து எழுதி 1873இல் வெளியிட்டார்கள். அந்த நிறுவல் நடப்பதற்கான வழியையும் கையோடு கொடுத்துவிடுகிறது. உங்கள் லேஅவுட்டிலேயே அதைச் செய்து பார்ப்போம். அதற்கு முதலில் ஆறு ஒற்றைப்படை முனைகளை இரண்டாகக் குறைக்க வேண்டும்.

ஒரு தெருத்துண்டில் இரண்டாம் தடவை நடப்பதும், அதே இடத்தில் இன்னொரு தெருத்துண்டு போட்டு அதில் ஒரு தடவை நடப்பதும் கணக்குக்கு ஒன்றுதான். ஆகவே திரும்ப நடக்கப் போகும் துண்டுகளைப் படத்தில் இரட்டைக் கோடாக வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு இரட்டிப்பும் தன் இரண்டு கடைசிகளிலும் படியை ஒன்று கூட்டும். இப்படி ஒற்றைப்படை முனைகளை ஜோடி சேர்த்து இரட்டையாக்கிக்கொண்டே போகலாம். உங்களுக்கு வந்த ஐந்தை வைத்துக்கொண்டு இங்கே வந்திருந்தால் ஜோடி சேர்க்கும்போது ஒன்று தனியாக நின்றிருக்கும்.

இரண்டு ஒற்றைப்படை முனைகளை ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் விட்டுவிடலாம், மற்ற நான்கைச் சரிசெய்ய வேண்டும். 9க்கும் 10க்கும் நடுவில் உள்ள முட்டுச்சந்தை இரட்டிப்பாக்கினால் 9 நான்காகும், 10 இரண்டாகும். செலவு 60 மீட்டர். மீதி 2, 4, 6, 8. இவற்றில் 2ஐயும் 4ஐயும் விட்டுவைத்து, 6ஐயும் 8ஐயும் 9 வழியாக இணைக்கலாம். 6 முதல் 9 வரை ஒரு துண்டு, 9 முதல் 8 வரை ஒரு துண்டு, 200 மீட்டர். நடுவில் உள்ள 9க்கு இரண்டு கூடுவதால் அது இரட்டையாகவே இருக்கும். மொத்தம் 260.

இதைவிடக் குறைக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறேன்? 2, 4, 6, 8 நான்கில் எந்த இரண்டும் ஒரே தெருத்துண்டால் நேராக இணைந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே ஒரு துண்டை இரட்டிப்பாக்கினால் இந்த நான்கில் அதிகபட்சம் ஒன்றுதான் அதில் படும். ஆரம்பமும் முடிவும் இந்த நான்கிலேயே இருந்தாலும் மீதி இரண்டுக்குத் தனித்தனியாக ஒவ்வொரு துண்டு வேண்டும், அது 200. முட்டுச்சந்தில் உள்ளே போய் வெளியே வருவதென்றால் இன்னும் 60.

முட்டுச்சந்தின் கடைசியிலிருந்தே ஆரம்பித்தால் அந்த 60 மிச்சமாகுமே என்று தோன்றும். ஆமாம், அந்த 60 மிச்சம்தான். ஆனால் ஆரம்ப இடம் அங்கே செலவாகிவிட்டதால் நான்கில் ஒன்றை மட்டுமே முடிவாக வைக்கலாம், மூன்றுக்குத் தனித்தனித் துண்டு வேண்டும், 300 மீட்டர் ஆகும். 60ஐ மிச்சம் பிடிக்கப் போய் 100 செலவாகிறது. சந்து 100 மீட்டரை விட நீளமாக இருந்திருந்தால்தான் அங்கே ஆரம்பிப்பது லாபம்.

இப்போது நடப்போம். படிகள் 2இலும் 4இலும் 3, மற்ற எல்லா இடத்திலும் இரட்டைப்படை. 2இல் ஆரம்பியுங்கள். யோசிக்காமல், இன்னும் நடக்காத ஏதாவது ஒரு துண்டில் போய்க்கொண்டே இருங்கள். உதாரணமாக 2, 1, 4, 7, 8, 5, 4 என்று போனதாக வைத்துக்கொள்வோம். 4இல் மூன்று வாய்களும் தீர்ந்தன, மேலே போக வழியில்லை.

4இல் மாட்டிக்கொண்டது தற்செயல் இல்லை, வேறு எங்கும் மாட்டிக்கொள்ளவே முடியாது. இரட்டைப்படைச் சந்திப்பு ஒன்றுக்கு வந்து சேரும்போது அதுவரை அங்கே ஜோடி ஜோடியாகத் தீர்ந்தவற்றோடு இந்த வருகை ஒன்று சேர்ந்து ஒற்றைப்படை வாய்கள் தீர்ந்திருக்கும். படி இரட்டைப்படை, ஆகவே கிளம்ப ஒன்றாவது மிச்சம் இருக்கும். கிளம்பிய 2க்கே திரும்பி வந்தால், முதல் கிளம்பலையும் சேர்த்து இரட்டைப்படை வாய்கள் தீர்ந்திருக்கும், படியோ ஒற்றை, அங்கேயும் ஒன்று மிச்சம் இருக்கும். மிஞ்சுவது 4 மட்டும். படிகளைப் பற்றிய நிபந்தனை நடப்பவருக்கு வழிகாட்டியாக மாறும் இடம் இதுதான்.

நடந்த துண்டுகளை அழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். எல்லா முனையிலும் இப்போது மிச்சம் இருப்பது இரட்டைப்படை. நடந்த பாதையில் எங்கே இன்னும் துண்டு மிச்சம் இருக்கிறது? 5இல் இரண்டு இருக்கின்றன, ஒன்று 2 பக்கம், ஒன்று 6 பக்கம். 5இலிருந்து மறுபடி யோசிக்காமல் நடங்கள்: 5, 2, 3, 6, 9, 10, 9, 8, 9, 6, 5. எல்லாம் இரட்டைப்படை என்பதால் இந்தத் தடவை கிளம்பிய 5இல்தான் வந்து நிற்க முடியும். இந்த வளையத்தை முதல் பாதையில் 5 வரும் இடத்தில் செருகிவிடுங்கள்.

2, 1, 4, 7, 8, 5, 2, 3, 6, 9, 10, 9, 8, 9, 6, 5, 4.

பதினாறு நடை. 100 மீட்டர் துண்டுகள் பதினான்கு, முட்டுச்சந்து இரண்டு தடவை, ஆக 1520 மீட்டர். உங்கள் தெருக்களின் மொத்த நீளம் 1260, அதோடு 260. பெரிய ஊராக இருந்து வளையம் போட்ட பிறகும் துண்டுகள் மிச்சம் இருந்தால், இதுவரை உள்ள பாதையில் மிச்சத்தைத் தொடும் ஒரு முனையைப் பிடித்து இன்னொரு வளையம் செருக வேண்டும். துண்டுகள் தீரும் வரை அதேதான்.

அப்படி ஒரு முனை கிடைக்கும் என்பதற்கு ஒரு நிபந்தனை தேவை. எல்லாத் தெருவும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் லேஅவுட் பிரிந்து கிடந்து, கடக்கும் வழியை நீங்கள் வரைபடத்தில் சேர்க்கவில்லை என்றால், படிகள் எல்லாம் இரட்டையாக இருந்தும் நடக்க முடியாது. பையன் சொன்ன விதியில் இது சொல்லாமல் அடங்கியிருக்கிறது.

வாசலில் போடும் கம்பிக் கோலத்தில் இதைப் பார்க்கலாம். கோடும் கோடும் வெட்டும் இடம் ஒவ்வொன்றிலும் நான்கு கோடுகள் சேர்கின்றன, படி 4, எல்லாமே இரட்டைப்படை. ஆகவே கோலம் ஒரே தொடர்ச்சியாக இருந்தால் கை எடுக்காமல் போட ஏதோ ஒரு வழி கட்டாயம் உண்டு. ஆனால் கோலம் போடுபவர்கள் வெட்டும் இடத்தில் திரும்புவதில்லை, நேராகக் கடக்கிறார்கள். அந்தக் கூடுதல் விதியோடு ஒரே இழையாக வருமா என்பதைப் படிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் சில புள்ளிக் கோலங்கள் ஒரே இழையிலும், சில இரண்டு மூன்று தனி இழைகளிலும் வருகின்றன.

நடந்து முடித்துக் கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும் என்றால் 2, 4, 6, 8 நான்கையும் இரட்டையாக்க வேண்டும். மேலே சொன்ன அதே காரணத்தால் அதற்குக் குறைந்தது நான்கு துண்டுகள், 400 மீட்டர். முட்டுச்சந்தோடு 460. 2, 1, 4 என்ற இரண்டு துண்டுகளையும் 6, 9, 8 என்ற இரண்டு துண்டுகளையும் இரட்டிப்பாக்கினால் போதும். மொத்த நடை 1720 மீட்டர். இதில் ஒரு வசதி, எந்தச் சந்திப்பில் ஆரம்பித்தாலும் அதே தூரம்தான். எல்லாத் தெருவையும் தொட்டுக் கிளம்பிய இடத்துக்குக் குறைந்த தூரத்தில் திரும்பும் இந்தக் கேள்வியை 1960இல் சீனக் கணித அறிஞர் குவான் மெய்கு எழுப்பினார். அதனால் இதற்குச் சீன அஞ்சல்காரர் கணக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. நூற்றுக்கணக்கான சந்திப்புகள் இருந்தால் எதை எதோடு ஜோடி சேர்ப்பது என்று கையால் தேட முடியாது. அதைக் கணினியில் வேகமாகச் செய்யும் வழியை எட்மண்ட்ஸும் ஜான்சனும் 1973இல் எழுதினார்கள்.

கடைசியாக, அழைப்பிதழ் கொடுக்கப் போகும் உங்களுக்கு ஒரு விஷயம். தெருவின் இரண்டு பக்க வீடுகளுக்கும் மாறி மாறிக் கடந்துகொண்டே போவதாக எடுத்துக்கொண்டுதான் இதுவரை கணக்குப் போட்டேன். வண்டிகள் ஓடும் தெரு என்றால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குத் தனியாக வருவதே நல்லது. அப்போது ஒவ்வொரு தெருத்துண்டும் இரண்டு விளிம்புகள் ஆகிறது. எல்லா முனையின் படியும் இரட்டிப்பாகிறது, 3 ஆறாகும், 1 இரண்டாகும், ஒற்றைப்படை முனையே மிஞ்சாது. 26 துண்டுகள், 2520 மீட்டர், உங்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் அங்கேயே கிளம்பி அங்கேயே முடிக்கலாம். எந்தப் பக்கத்திலும் இரண்டாம் தடவை நடக்க வேண்டியதில்லை.